வலது பக்கக் கீழ் மூலை

சின்னவளுக்குச் சந்தேகம் மூக்குத்தி மாதிரி. கழற்றிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. மாவு வாங்கினால் வீட்டில் இன்னொரு முறை எடை போடுவாள். பேருந்தில் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தால், ஏன் காலியாக இருக்கிறது என்று முதலில் தடவிப் பார்ப்பாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, லிஃப்ட் பழுது பார்க்கும் மாப்பிள்ளையிடம், “நீங்க பார்த்த லிஃப்ட்டுல நீங்களே ஏறுவீங்களா?” என்று கேட்டவள் அவள். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே ஏறுவேன் என்றார். இத்தனை வருடமாக அவர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார், அவளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வந்தபாடில்லை.

இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது எப்படி என்று கேட்பவர்கள், அவள் துணி வெட்டுவதைப் பார்த்ததில்லை. சந்தேகப்படுகிறவள் கையில் கத்தரி இருந்தால் துணி வீணாகாது. ஒருமுறை அளந்ததை நம்ப மாட்டாள், சாக்பீஸ் கோட்டை நம்ப மாட்டாள், நூலோட்டத்தை நம்ப மாட்டாள். எல்லாவற்றையும் திரும்பிப் பார்த்துவிட்டு, இனி தவறவே வழியில்லை என்று ஆன பிறகுதான் கத்தரியைத் திறப்பாள். திறந்தால் ஒரே ஓட்டம்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருந்தாள். அடுக்கடுக்காகத் துணியை வைத்து வெட்டும் இயந்திரத்தில் ஒருநாள் இடது கையின் இரண்டு விரல்கள் போயின. நடுவிரலும் மோதிர விரலும் பாதியோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு அவள் அந்த இரண்டையும் ஒளித்து வைத்ததில்லை. வெட்டும்போது துணியை அழுத்திப் பிடிப்பது அந்தக் குட்டை விரல்கள்தான். நீள விரலை விட அவை நன்றாக அழுத்தும் என்பாள். துணி ஒரு இழை நகராது.

அவளுடைய கணவரின் அண்ணன் மனைவிதான் பெரியவள். டயர் கடைக்கு மேலே, மாடியில் ஒரு நீள அறை எடுத்து, தையல் வேலைக்கூடம் வைத்திருந்தவள். வாய் சாமர்த்தியம் உள்ளவள். கீழே டயரைத் தட்டும் சத்தத்தையும் மீறிப் பேசக்கூடிய தொண்டை. சின்னவள் இந்த வீட்டுக்கு வந்ததும் வெட்டும் மேஜை அவள் கைக்குப் போனது, தைக்கும் மெஷின் பெரியவளிடம் இருந்தது. இரண்டு ஓரகத்திகள் ஒரே அறையில் நாள் முழுக்க இருந்தும் கத்தரி துணியில் மட்டும்தான் ஓடியது என்பதை அக்கம்பக்கம் ஆச்சரியமாகப் பேசிக்கொண்டது.

தையல் சொல்லித் தரும் வீடியோ போடலாம் என்றது பெரியவளின் கணவர். கேமரா என்றால் அவருக்குக் கிறுக்கு. மேஜைக்கு எதிரே ஒரு கம்பியில் போனைக் கட்டிவைத்துப் படம் பிடிப்பார். பெரியவள் பேசுவாள், சின்னவள் வெட்டுவாள். வீடியோவை வெட்டி ஒட்டுவது அவர் வேலை. அதை சேனலில் ஏற்றுவதும், பார்க்கிறவர்கள் எழுதும் கமெண்டுக்குப் பதில் போடுவதும் பெரியவள். வீடியோவுக்கு முகப்பாக நிற்கும் தம்ப்நெயில் படத்தைச் செய்வது மட்டும் சின்னவளுக்கு வந்து சேர்ந்தது. கணினியைக் கற்றுக்கொண்டாள். அளவெடுத்து வெட்டுவதுதானே, துணியானால் என்ன, படமானால் என்ன.

ஆனால் முதல் படத்திலேயே மண்ணைக் கவ்வினாள். சட்டைப் பை தைப்பது எப்படி என்று ஒரு வீடியோ. பையின் அடிக்கூர் எவ்வளவு அழகாக மடிந்திருக்கிறது என்று காட்டத்தான் அந்தப் படமே. கணினியில் பார்த்தபோது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. வீடியோ ஏறிய பிறகு போனில் பார்த்தால், கூர் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் வெள்ளை எழுத்தில் வீடியோவின் நேரம். அது படத்தில் இல்லாதது. படத்தைச் செய்யும்போது கண்ணில் படவே படாது. ஏற்றிய பிறகு, வலது பக்கக் கீழ் மூலையில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“நம்ம வீட்டுல நம்மைக் கேக்காம வந்து உக்கார்றது யாரு இது?” என்றாள் சின்னவள். அன்றிலிருந்து அந்த மூலை அவளுக்குப் பகையாளி. அதை ஆராய்ந்து வைத்தாள். பெரிய திரையில் பார்த்தால் பெட்டி பவ்யமாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே படம் போனிலோ, இன்னொரு வீடியோவுக்குப் பக்கத்து வரிசையிலோ சின்னதாக வந்தால், படம் சுருங்கும், பெட்டி அந்த அளவுக்குச் சுருங்காது. அப்போது மூலையில் நல்ல துண்டைத் தின்றுவிடும். வீடியோ ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் எண்கள் கூடும், பெட்டி இடது பக்கம் இன்னும் நீளும். ஆகவே சின்னவள், சின்னப் படத்தில் ஒரு மணி நேர வீடியோவுக்கு எவ்வளவு மறையுமோ அந்த அளவுக்கு அடியில் இருப்பது மங்கலாகத் தெரிகிற ஒரு சாம்பல் கட்டத்தைத் தன் கணினிப் படத்தின் மேல் ஒரு தனி அடுக்காக வைத்துக்கொண்டாள். வேலை முடியும்வரை கட்டம் இருக்கும். முடிந்ததும் அந்த அடுக்கை மறைத்துவிட்டுச் சேமிப்பாள். தையலுக்கு ஓரம் விட்டு வெட்டுவதைப் போலத்தான் இதுவும் என்றாள்.

இதில் ஒரு சிக்கல் நிரந்தரமாக இருந்தது. கேமரா எதிரே இருந்ததால், படத்தில் இடது பக்கம் பெரியவளும் வலது பக்கம் சின்னவளும் வருவார்கள். சின்னவளின் இடது கை படத்தின் வலது ஓரத்தில், மேஜைமேல், சரியாக அந்த மூலையில் வந்து விழும். படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிப் போட்டால் மூலை தப்பும். ஆனால் சட்டையின் பட்டன் பட்டி பக்கம் மாறிப்போகும், ஆண் சட்டை பெண் சட்டையாகிவிடும். அதனால் அவள் படத்தை மேலே தூக்குவாள். போனில் எடுத்த படம் உயரமானது, தம்ப்நெயில் அகலமானது. மேலேயோ கீழேயோ ஏதாவது ஒன்று போயே தீரும். அவள் மேலே வெட்டுவாள். டியூப் லைட் போகும், சுவர் போகும், பெரியவளின் கொண்டையும் நெற்றியில் பாதியும் போகும். கீழே வெறும் மேஜை தாராளமாகக் கிடைக்கும். கை மேலேறி நடு உயரத்துக்கு வந்துவிடும், பெட்டி வெறும் மேஜைமேல் உட்காரும்.

“ஏண்டி, ஒவ்வொரு தடவையும் என் தலையத்தான் வெட்டுவியா?” என்று பெரியவள் கேட்பாள்.

“முகம் இருக்குல்லக்கா. கொண்டையப் பார்த்தா யாராவது தையல் கத்துக்கப் போறாங்க?”

இது வாரா வாரம் நடக்கும் சண்டை. இரண்டு பேருக்கும் இது இல்லாவிட்டால் வேலை ஓடாது.

ஒரு நாள் பல் மருத்துவரின் வாசல் அறையில் சின்னவள் காத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதில் அவர்களுடைய வீடியோ ஒன்று மேலேறிப் போனது. சின்னவள் பெருமையோடு கழுத்தை நீட்டினாள். நீட்டிய கழுத்து அப்படியே நின்றது. படத்தில் டியூப் லைட் இருந்தது.

அவள் செய்த படத்தில் டியூப் லைட் கிடையாது. அவள் அதை வெட்டியிருந்தாள். டியூப் லைட் மேலே வந்திருக்கிறது என்றால் படம் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பெரியவளின் கொண்டை முழுசாக, ஒரு மயிர் கலையாமல் இருந்தது. கீழே, கறுப்புப் பெட்டியின் அடியிலிருந்து சின்னவளின் மணிக்கட்டு மட்டும் எட்டிப் பார்த்தது. கை இல்லை.

பல் வலி பறந்துவிட்டது. அங்கேயே தன் போனில் பழைய வீடியோக்களை வரிசையாகத் திறந்து பார்த்தாள். ஆரம்பத்தில் போட்டவை எல்லாம் அவள் வெட்டியபடியே இருந்தன. சமீபத்தில் போட்ட எல்லாவற்றிலும் டியூப் லைட். எல்லாவற்றிலும் கையின் மேல் பெட்டி.

மறுநாள் ஒன்றும் தெரியாதவள் போல மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “ஏங்க்கா, நான் குடுத்த படம் அப்படியேதானே ஏத்துறீங்க?”

“பின்ன? அதுல நான் என்ன பண்ணப் போறேன்?”

“போன்ல பார்த்தா கொஞ்சம் மாறித் தெரியுது.”

“போனுக்குப் போன் மாறும்டி. உன் போன் பழசு” என்றாள் பெரியவள். சொல்லிவிட்டு நூல்கண்டைத் தேட ஆரம்பித்தாள். நூல்கண்டு அவள் மடியில்தான் இருந்தது.

மடியில் இருக்கிற நூல்கண்டைத் தேடுகிறவளை எந்த ஓரகத்தி நம்புவாள்? அதுவும் இந்த ஓரகத்தி? கொண்டைக்காகவா? தன் கொண்டை தெரிவதற்காக என் கையைப் பெட்டிக்கு அடியில் தள்ளுகிறாளா? வெட்டுவது நான், ஊர் பார்ப்பது அவள் கொண்டையா?

ஒரு சந்தேகம் உள்ளே வந்துவிட்டால் தன் சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு வரும். முன்பெல்லாம் பெரியவள் கமெண்டுகளைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். இப்போது போனைத் தன் பக்கம் சாய்த்து வைத்துப் படிக்கிறாள், சின்னவள் பக்கத்தில் வந்தால் கவிழ்த்துவிடுகிறாள். கணவனும் மனைவியும் கணினி முன்னால் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவள் படியேறும் சத்தம் கேட்டதும் டீ சூடாக இருக்கிறதா என்று பேசுகிறார்கள். அந்த வாரம் ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். நன்றாக வெட்டுவேன் என்றாள். பெரியவள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள். சின்னவள் அந்தப் பெண்ணின் கைகளைத்தான் பார்த்தாள். பத்து விரலும் நீளமாக, நகப்பூச்சோடு இருந்தன.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினாள். “என்னைக் கழட்டி விடப் பாக்குறாங்க. மொதல்ல கையை மறைப்பாங்க. அப்புறம் வேற கையைக் கொண்டாந்து வைப்பாங்க. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.”

லிஃப்ட்காரர் பதறுகிற ஆள் இல்லை. “அண்ணி அப்படிப்பட்ட ஆளா? நீ லிஃப்ட்டையே நம்ப மாட்ட.”

“நீங்க அவங்க பக்கமா?”

“நான் யார் பக்கமும் இல்ல. நான் உன் ரசிகன். போன வாரம்கூட கமெண்ட் போட்டேன். ‘இந்த விரல் அழுத்தினா துணி அசையாது’ன்னு. பாக்கலையா?”

பார்க்கவில்லை. அவர் போனில் அந்த கமெண்ட் இருந்தது. அவள் தன் போனை எடுத்து அதே வீடியோவைத் திறந்து, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடினாள். அங்கே அது இல்லை. இரண்டு போனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எழுதினவருக்குத் தெரிகிறது, உலகத்துக்குத் தெரியவில்லை.

“யாரோ நிறுத்தி வெச்சிருக்காங்க” என்றார் அவர், இப்போது கொஞ்சம் குரல் இறங்கி.

“யாரோ இல்ல. சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கு” என்றாள் அவள். என் கையும் தெரியக் கூடாது, என் கையைப் பாராட்டினால் அதுவும் தெரியக் கூடாதா! அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததற்காகக் கோபமும் வந்தது. அந்த மேஜையைத் தவிர அவளுக்கு ஊரில் வேறு இடம் கிடையாது. தொழிற்சாலை, விரல் போனதும் அவளைத் திருப்பி எடுக்கவில்லை. பெரியவள்தான், முதல் நாளே அந்தக் கையைப் பார்த்தும் கத்தரியைக் கொடுத்து, “வெட்டு, பாக்கலாம்” என்றவள். அவளே இப்போது இப்படிச் செய்தால் என்ன செய்வது?

கேட்டால் மறுபடியும் போன் பழசு என்பார்கள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி அவள் தொழிலிலேயே இருந்தது.

இதுவரை அவள் கணினியில் விட்டுவைத்த படம் அடுக்கடுக்கானது. அடியில் முழு உயரப் புகைப்படம், மேலே எழுத்து. அடியில் இருக்கும் படத்தை யார் வேண்டுமானாலும் பிடித்துக் கீழே இழுக்கலாம். டியூப் லைட் இறங்கும், கை மூலைக்குப் போகும், எழுத்து தன் இடத்தில் அப்படியே நிற்கும், தடயமே இருக்காது. இந்த முறை அவள் அடுக்கை எல்லாம் ஒன்றாக அழுத்தி ஒரே படமாக்கினாள். மேலே வெட்டியது வெட்டியதுதான், இழுப்பதற்கு உபரி இல்லை. மூலப் புகைப்படத்தைக் கணினியிலிருந்து எடுத்துத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள். காலர் வெட்டும் வீடியோ அது. கையும் காலரும் வலது ஓரத்தில், நல்ல உயரத்தில் இருந்தன. இடது ஓரத்தில் பெரியவளின் முகமும் தலைப்பு எழுத்தும். இனி இந்தக் கை மூலைக்குப் போக வேண்டுமென்றால், முழுப் படத்தையும் ஊதிப் பெரிதாக்கிக் கீழே தள்ள வேண்டும். அவ்வளவு ஊதினால் கை வலது பக்கம் வெளியே ஓடிவிடும், அதை இழுத்துப் பிடிக்க இடது ஓரத்தைப் பலி கொடுக்க வேண்டும். இடது ஓரத்தில் இருப்பது பெரியவளின் முகம்.

தன் முகத்தைத் தானே வெட்டிக்கொள்ள மாட்டாள், என்று கணக்குப் போட்டாள் சின்னவள். ஏற்றாமல் முழிப்பாள், மூலப் படம் எங்கே என்று கேட்பாள், அங்கே பிடித்துக்கொள்ளலாம்.

பெரியவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வீடியோ ஏறியது. சின்னவள் கூடத்தின் படியில் நின்றபடியே போனைத் திறந்தாள்.

தலைப்பின் முதல் பாதியைக் காணோம். பெரியவளின் முகம் மூக்கோடு நேர்க்கோட்டில் அறுந்து, ஒரு கண்ணும் அரை வாயுமாக ஓரத்தில் தொங்கியது. கொண்டையை வெட்டினாலே சண்டைக்கு வருகிற பெரியவள்! படம் ஊதி ஊதி மங்கலாகியிருந்தது. மூலையில், கறுப்புப் பெட்டிக்குக் கீழே, சின்னவளின் இரண்டு குட்டை விரல்கள் பத்திரமாக மறைந்திருந்தன.

சின்னவள் படியிலேயே நின்றுவிட்டாள். கொண்டைக்காக இல்லை. முகத்தையே கொடுத்திருக்கிறாள். அப்படியென்றால் எதற்காக?

மேலே போய் போனை மேஜைமேல் வைத்தாள். பெரியவள் மெஷினில் இருந்தாள், அவள் கணவர் கம்பியில் கேமராவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“இதுவும் போன் பழசுங்கறதாலயா?”

கீழே யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவளின் கணவர்தான் முதலில் கம்பியை விட்டார். “நான் அப்பவே சொன்னேன், அவகிட்ட சொல்லிடுன்னு” என்றார் மனைவியைப் பார்த்து.

“என்னன்னு சொல்றது? நீங்க சும்மா இருங்க.”

“என்னை நிறுத்தணும்னா நேரா சொல்லுங்கக்கா. நகப்பூச்சுக்காரி நம்பர்தான் வெச்சிருக்கீங்களே.”

“எந்த நகப்பூச்சு? அவ நாத்தனாருக்கு யூனிஃபார்ம் தைக்கணும்னு சொன்னா, நம்பர் வாங்கினேன். உன்னை நிறுத்தறதா? ஏண்டி, உனக்குப் புத்தி இருக்கா?” பெரியவளின் தொண்டை முதல் தடவையாக டயர் சத்தத்துக்குத் தோற்றது. “என்னென்னமோ எழுதறாங்கடி.”

“யாரு?”

“யாரோ. வேலையத்தவங்க. படத்துல உன் விரலைப் பாத்துட்டு. நீ படிச்சுடக் கூடாதுன்னு அந்த மாதிரி எழுதினா நிறுத்தி வைக்கிற மாதிரி பண்ணிட்டோம். ‘விரல்’னு ஒரு வார்த்தை வந்தா போதும், வெளிய தெரியாது. அப்புறம் யோசிச்சேன், படத்துல தெரிஞ்சாதானே எழுதறாங்க? கையவே வெட்டி எடுத்துட்டா நீ அன்னிக்கே கேட்டிருப்ப. டைம் பெட்டி மேல விழுந்தா தற்செயல்னு நினைப்பன்னு...”

சின்னவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன்னை ஏமாற்றத்தான் செய்தார்கள் என்று தெரிந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

“மறைக்கச் சொல்லி நான் கேட்டேனா?” என்றாள். “மூலைக்கு என்ன போகும்னு உங்களுக்குத் தெரியாதா? ஒண்ணுத்துக்கும் ஆகாததுதான் போகும். நூல், மேஜை, சுவர். என் கையையும் அங்க போட்டீங்க.”

பெரியவள் மெஷின்மேல் கிடந்த தன் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“காட்டுங்க. நிறுத்தி வெச்சதெல்லாம் காட்டுங்க.”

“வேண்டாம்டி.”

“நான் சந்தேகப்படறவக்கா. பாக்காம விட்டா, இருக்கறதைவிட மோசமா நெனச்சுப்பேன்.”

அது நியாயமாகத்தான் இருந்தது. பெரியவள் கணினியைத் திறந்தாள். நிறுத்தி வைத்த கமெண்டுகள் தனியாக ஒரு பக்கத்தில் இருந்தன. சின்னவள் நின்றபடியே படித்தாள். சாப்பிடும்போது இந்தப் படம் வருகிறது என்று ஒருத்தர். அரை விரல் டைலர் என்று ஒருத்தர். விரலையே வெட்டிக்கொண்டவள் துணி வெட்டச் சொல்லித் தருகிறாளா என்று ஒருத்தர், சிரிக்கும் பொம்மைகளோடு. ஒவ்வொன்றும் குத்தத்தான் செய்தது. குத்தவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் தொழிற்சாலை வாசலில் இதைவிட நன்றாகக் குத்துகிறவர்களைப் பார்த்தவள்.

“இவ்வளவுதானா?” என்று கீழே இறக்கினாள். அவள் கணவருடைய கமெண்ட் அங்கே, கைதிகளோடு கைதியாக இருந்தது. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. அதைப் பெரியவளும் படித்திருக்கவில்லை. ‘விரல்’ என்ற வார்த்தை இருந்ததால் தானாக வந்து அடைபட்டது, பெரியவளும் பார்க்காமலே விட்டிருக்கிறாள்.

‘எனக்கும் இடது கையில் மூன்று விரல் இல்லை. தையல் கற்க ஆசை. துணியை எப்படி அழுத்திப் பிடிக்கிறீர்கள் என்று படத்தைப் பார்த்துதான் வருவேன், இப்போது படத்தில் நேரம் மறைக்கிறது. தயவுசெய்து விரல் தெரிகிற மாதிரி போடுங்கள்.’

அதன் தேதி பழசாகியிருந்தது. யாரும் பதில் போடவில்லை.

பெரியவள் அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்படியே முந்தானை கிடைக்காமல், மேஜைமேல் கிடந்த சட்டைத் துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாடிக்கையாளர் துணி அது. வேறு நாளாக இருந்தால் சின்னவள் கையைத் தட்டியிருப்பாள்.

அன்றைக்கே படம் பிடித்தார்கள். குட்டை விரலால் துணியை அழுத்துவது எப்படி, மூன்று விரல் இல்லாவிட்டால் கனமான இரும்புக் கட்டையை எங்கே வைப்பது, கத்தரி நெருங்கும்போது கையை எப்படி நகர்த்துவது. பேசியதும் சின்னவள்தான், திக்கித் திணறி. பெரியவள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் துணியைப் பிடித்துக் கொடுத்தாள். அவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்ததை அவள் கணவர் தனியாகப் படம் பிடித்து வைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் சின்னவள் தம்ப்நெயில் செய்ய உட்கார்ந்தாள். அடுக்கைத் திறந்தாள், சாம்பல் கட்டத்தை மூலையில் வைத்தாள், புகைப்படத்தை உள்ளே கொண்டுவந்தாள். ஏதோ சரியில்லை. அவளுடைய கை கட்டத்துக்குப் பக்கத்திலேயே இல்லை. தூக்காமலே, இழுக்காமலே, நட்டநடுவில் இருந்தது. சந்தேகம் உடனே விழித்துக்கொண்டது. மறுபடியும் யார் கைவைத்தது?

உற்றுப் பார்த்தாள். இடம் மாறியிருந்தது. நேற்று, துணி எடுக்கிற சாக்கில், பெரியவள் அவளுக்கு அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்திருக்கிறாள். படத்தில் இப்போது இடது பக்கம் சின்னவள், வலது ஓரத்தில் பெரியவள். சாம்பல் கட்டத்துக்குக் கீழே ஒரு கை இருந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்நுனிகள், துணியை இறுக்கிப் பிடித்தபடி. பெரியவளின் கை.

மூலையைப் பற்றிப் பெரியவளுக்குத் தெரியும். இவ்வளவு நாள் அதில் வேலை பார்த்தவள்.

சின்னவள் புகைப்படத்தைப் பிடித்து மேலே தூக்கினாள். டியூப் லைட் போனது. சுவர் போனது. பெரியவளின் கொண்டை போனது, தன்னுடைய நெற்றியும் போனது. இன்னும் தூக்கினாள். அந்தக் கை கட்டத்திலிருந்து மெல்ல வெளியே வந்து, மேலேறி, அவளுடைய குட்டை விரல்களுக்குப் பக்கத்தில் நின்றது.

பின்னால் வந்து நின்ற பெரியவள் எட்டிப் பார்த்தாள். “மறுபடியும் தலைய வெட்டிட்டியா? என் கை அங்க இருந்தா இருந்துட்டுப் போகுது, விடேண்டி.”

“மூலைக்கு மேஜை போதும்க்கா” என்றாள் சின்னவள். சாம்பல் கட்டத்தை மறைத்துவிட்டுப் படத்தைச் சேமித்தாள்.